கொதிநீரில் கரைத்த ஈஸ்ட்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தால் ஒருவர் வேலையையே பறித்தேன். கொஞ்ச நேரம் அது சரியென்றும் நினைத்தேன்.

வாணியம்பாடியில் பல வருஷம் பேக்கரி மாஸ்டராக இருந்துவிட்டு, ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சொந்தமாகக் கடை போட்டேன். மாவு பிசைய ஒரு மலைக்காரப் பெண்மணி வந்தார். என் வயதுதான் இருக்கும். தினமும் களி கிண்டி உரமேறிய கை. புளி விற்ற காசு தீர்ந்த மாதங்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது என் கடைச் சம்பளத்தில்தான்.

கடையில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஈஸ்ட் டப்பாவை நான் மட்டும்தான் தொடுவேன். எங்கள் ஊர் மாஸ்டர்கள் எல்லோருமே அப்படித்தான். பிசைவது கூலிவேலை, ஈஸ்ட் கரைப்பது மாஸ்டர் வேலை என்று ஒரு மிதப்பு.

மலையில் எனக்கு அது முதல் மார்கழி. வாணியம்பாடியில் குழாய்த் தண்ணீரிலேயே ஈஸ்ட் துள்ளி எழும். இங்கே குளிரில் அது சோம்பிக் கிடந்தது. ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாக வேண்டிய மாவு மூன்று மணி நேரம் எடுத்தது. சந்தை நாளன்று காலை ஆறு மணிக்கு, பொறுமை இல்லாமல், டீ பாய்லரில் கொதித்த தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டேன். சூடு இருந்தால் சீக்கிரம் வேலை செய்யும் என்பது என் கணக்கு. முக்கால் டம்ளரை மாவில் ஊற்றிக் கொடுத்தேன். மீதி அப்படியே மேஜையில் இருந்தது.

அந்தம்மா குளிர்ந்த தண்ணீர் சேர்த்து வழக்கம்போல் பிசைந்தார். ஒன்பது மணியாகியும் மாவு எழும்பவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"இன்னாம்மா பிசைஞ்ச? கை வலிக்குதுன்னு பாதியில விட்டுட்டியா?"

"முழுசாதான் பிசைஞ்சேன் பாய். கொஞ்சம் இழுத்துப் பாருங்க."

நான் இழுத்துப் பார்க்கவில்லை. சந்தைக்கு வந்தவர்கள் ரொட்டி கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். "நாளையிலேர்ந்து வராத" என்றேன். அவர் கையைக் கழுவிவிட்டுப் போனார்.

புது மாவு போட நானே உட்கார்ந்தேன். பாய்லர் காலியாகியிருந்ததால் குழாய்த் தண்ணீரை அடுப்பில் லேசாகக் காட்டி, விரல் பொறுக்கும் சூட்டில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டேன். பத்து நிமிஷத்தில் நுரை டம்ளர் விளிம்புக்கு வந்தது. பக்கத்தில் காலை டம்ளர். அதில் ஒரு குமிழி இல்லை, அடியில் வண்டல் மட்டும். அதே டப்பா ஈஸ்ட்தான்.

ஈஸ்ட் உயிருள்ள பொருள். மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று காற்றை விடுகிறது, அந்தக் காற்றில்தான் மாவு எழும்புகிறது. கொதிநீரில் நான் அதைக் கொன்றிருந்தேன். இதெல்லாம் எனக்குத் தெரியாததா?

அந்தம்மா பிசைந்த மாவில் ஒரு துண்டைக் கிள்ளி இழுத்தேன். அறுந்துபோகாமல், ஜன்னல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிய தோலாக விரிந்தது. அப்படி விரிந்தால்தான் நன்றாகப் பிசைந்த மாவு. காற்றைப் பிடித்து வைப்பது அந்தத் தோல்தான்.

உயிரோடிருந்த ஈஸ்ட்டில் பாதியை அதிலேயே சேர்த்துப் பிசைந்தேன். மீதியில் என் புது மாவு. அவசரத்தில் மாவு ஒன்று சேர்ந்ததும் பிசைவதை விட்டுவிட்டேன். இரண்டையும் அடுப்பின் கதகதப்பில் வைத்தேன். இரண்டும் எழும்பின. ஆனால் என்னுடையது மேலே விரிசல் விட்டு, பாதியில் அமுங்கியது. சுட்டு ஆறவைத்து அறுத்தபோது கத்தி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. அவருடையது பஞ்சுபோல இழை இழையாகப் பிய்ந்தது. அழுத்தினால் பள்ளம் மறைந்து மேலே வந்தது.

மறுநாள் மத்தியானம் இரண்டு ரொட்டியையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

"இது நீ பிசைஞ்சது, இது நான் பிசைஞ்சது. ஈஸ்ட்ட நான்தான் கொதிதண்ணில போட்டுக் கெடுத்தேன். தப்பு என்னுது."

அவர் இரண்டையும் விரலால் அழுத்திப் பார்த்தார். என் ரொட்டியின் தூள் முறத்தில் விழுந்தது.

"வர்றேன் பாய். ஆனா டப்பா என்கிட்ட இருக்கட்டும். நீங்க பிசைங்க."

வெட்கமாகத்தான் இருந்தது. சரி என்றேன். அடுத்த நாள் காலை நான் வேர்த்து விறுவிறுக்கப் பிசைந்து நிமிர்ந்தேன். அவர் ஒரு துண்டைக் கிள்ளி, ஜன்னலுக்கு நேரே பிடித்து இழுத்தார். நடுவில் அறுந்தது.

"இன்னும் பத்து நிமிஷம், பாய்."