தமிழ்மொழியின் அரைத்தாள்

கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸ் எதிரில் என் டீக்கடை. பக்கத்திலேயே தமிழ்மொழியின் டைப்பிங் கடை. நடுவில் ஒரு தகரம்தான். அந்தப் பக்கம் யார் அழுதாலும் சிரித்தாலும் இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுவிடும். நான் ஒட்டுக்கேட்பதாகச் சிலர் சொல்கிறார்கள். தகரம் மெல்லிசாக இருப்பதற்கு நான் என்ன செய்வேன்?

தமிழ்மொழிக்கு நாற்பத்தி நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று எனக்கு மூன்று கதைகள் தெரியும், மூன்றும் பொய் என்று அவளே சொல்லியிருக்கிறாள். வாடகை அக்ரிமெண்ட் அடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஓனர்தான் காசு கொடுப்பார், வாடகைக்கு வருபவர் கையெழுத்துப் போடுவார். எட்டுப் பக்கத்தையும் யாரும் படிப்பதில்லை. அதனால் அவளாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். அரைத்தாளில் பெரிய எழுத்தில் சுருக்கி எழுதி, குடிவருபவர் கையில் கொடுப்பாள். அட்வான்ஸ் எவ்வளவு, அஞ்சாம் தேதி தாண்டினால் நாளுக்கு எவ்வளவு அபராதம், வெள்ளையடிப்பு யார் செலவு, காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும். இதற்குக் காசு வாங்கமாட்டாள்.

போன ஜூலையில் ஒருநாள் பாவாயி வந்தாள். கல்வராயன் மலைக்காரி. மகள் கவியாவை இங்கே பன்னிரண்டாவது படிக்க வைக்க, அய்யனார் வீட்டு மாடியில் ஒரு ரூம் எடுத்திருந்தாள். வாடகை நாலாயிரம், அட்வான்ஸ் முப்பதாயிரம். கவியாவுக்குச் சேலத்தில் நர்சிங் சீட் கிடைத்துவிட்டதால் ரூமைக் காலி செய்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஹாஸ்டலுக்கு இருபத்தஞ்சாயிரம் கட்ட வேண்டும்.

"எம்மா, ஓனரு அட்வான்ஸ்ல எட்டாயிரம் புடிச்சிக்குவேன்றாரு. மே மாசமே சொல்லிட்டனே, வாடகை குடுக்கறப்ப அவுரு கிட்டயே சொன்னனே!"

தமிழ்மொழி கம்ப்யூட்டரில் தான் அடித்திருந்த அக்ரிமெண்டைத் திறந்தாள். நான் டீ கொடுக்கிற சாக்கில் உள்ளே போனேன். தமிழ்மொழி ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினாள்.

"அண்ணே, ஏழாவது பாயிண்டைப் பாருங்க."

ரெண்டு மாதம் முன்பாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், தவறினால் ரெண்டு மாத வாடகை முன்பணத்தில் பிடித்தம் என்று இருந்தது. அரைத்தாளில் அவள் எழுதியிருந்தது, 'ரெண்டு மாசம் முன்னாடி சொல்லணும்' என்று மட்டும்.

"எப்பவும் வர்ற மாரிதான்னு பழக்கத்துல எழுதிட்டேன். அய்யனாரு மகன் புதுசா ஒண்ணு எழுதிக்கினு வந்திருந்தான். நான்தான் அடிச்சேன். அடிச்ச கைக்குத் தெரியுது, எழுதின கைக்குத் தெரியல."

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று சொல்லமாட்டேன்.

"மே மாசத் தேதி போட்டு ஒரு லெட்டர் அடி தமிழு. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன். என் கையெழுத்து எனக்கே படிக்க வராது, ஜட்ஜுக்கு மட்டும் வந்துடுமா?"

அவள் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அடிக்க ஆரம்பித்தாள். பாதி அடித்ததும் பாவாயிக்குப் படித்துக் காட்டினாள்.

பாவாயி தலையை ஆட்டினாள். "நான் சொன்னேன். எழுதலியே. எழுதனன்னு எப்பிடிச் சொல்றது?"

தமிழ்மொழி அதை அழித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பாவாயியோடு அய்யனார் வீட்டுக்கு நடந்தாள். நானும் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

"தப்பு என்னோடதுங்க. அவங்க உங்க கிட்ட மே மாசமே சொல்லிட்டாங்க இல்ல?"

"சொன்னா. நான் இல்லன்னா சொன்னேன்?" அய்யனார் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "உன் துண்டுச்சீட்டு அக்ரிமெண்ட் இல்லம்மா. நீயே அடிச்சது, அவளே கையெழுத்துப் போட்டது. நான் இன்னா பண்ணட்டும்?"

அதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சல். இருபத்திரண்டாயிரத்தை எண்ணி வைத்தார். பாவாயி இருமுறை எண்ணிவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டாள். போடுவதற்கு முன், "இதுல இன்னா எழுதியிருக்கு? முழுசாப் படி," என்றாள். தமிழ்மொழி ஒரு வார்த்தை விடாமல் படித்தாள்.

தெருமுனையில் தமிழ்மொழி தன் பையிலிருந்து எட்டாயிரத்தை நீட்டினாள். ஹாஸ்டலுக்குக் குறைந்த மூவாயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள் பாவாயி.

"சாமை வித்ததும் குடுத்துடறேன்."

"வேணாங்க."

"புடிச்ச காசு அவுரு கிட்ட போச்சி. உன்கிட்ட இல்ல."

மலையடிவாரம் போகிற கச்சிராயபாளையம் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து தமிழ்மொழி நினைவிலிருந்து எதையும் எழுதுவதில்லை. ஒவ்வொரு பாயிண்டாக விரல் வைத்துப் படித்து, அதன் நம்பரையும் போட்டு எழுதுகிறாள். அரைத்தாள் இப்போது ரெண்டு தாள். குடிவருபவர் எதிரிலேயே படித்துக் காட்டிய பிறகுதான் பிரிண்ட் கொடுக்கிறாள். ஓனர்களுக்கு இது பிடிக்கவில்லை. "கேள்வி கேக்கக் கத்துக்குடுக்கறாடா," என்று வேறு டைப்பிங் கடைக்குப் போய்விட்டார்கள். இப்போது அவளிடம் வருவதெல்லாம், வேறு கடையில் அடித்த அக்ரிமெண்டை மடித்து எடுத்துக்கொண்டு, "கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்கிற குடித்தனக்காரர்கள்தான். அதற்கு அவள் காசு வாங்கமாட்டாள். போன மாதக் கடை வாடகையை அவளே பன்னிரண்டாம் தேதிதான் கட்டினாள், அபராதத்தோடு.