இரண்டாவது காதுகுத்து

மகளுக்குக் காது குத்திய அன்று, போனில் இடமில்லை என்று வந்ததும் கேமரா செட்டிங்கை மெமரி கார்டுக்கு மாற்றிய மகராசி நான்தான். மாற்றியதையே மறந்தும் போனேன். சாயங்காலம் போன் மெமரியின் கேமரா ஃபோல்டரைத் திறந்தால், மொட்டை போட்டதோடு படங்கள் நின்றிருந்தன. தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தியது ஒன்றுகூட இல்லை.

"அக்கா, நாளைக்கு நான் துபாய்க்குப் போறேன். ஒரு படம்கூட இல்லாமயா?" என்று குதித்தான் தாய்மாமனான என் தம்பி.

வேறு வழி? வாடிய மாலையைப் போட்டு, சீர்த்தட்டுகளை மறுபடி பரப்பி, மகளை அவன் மடியில் உட்கார வைத்தோம். திரும்பவும் குத்தப்போகிறார்கள் என்று மிரண்டவள், அவன் காதைக் கடித்துவிட்டாள். வீடே உருண்டு சிரித்தது.

எடுத்த கையோடு பார்த்தால் அந்தப் படமும் ஃபோல்டரில் இல்லை! நாத்தனார் போனைப் பிடுங்கி மெமரி கார்டைத் திறந்தாள்.

"அண்ணி, காலையில எடுத்ததும் இங்கிட்டுத்தான் இருக்கு!"

எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் கூடத்தில் மாட்டியிருப்பது தம்பி அலறும் படம். வருகிறவர்கள் எல்லாரும், யாருக்குக் காது குத்தினீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்.