சுபம் பார்க்காத குடும்பம்

பதினான்கு வயது வரைக்கும் நான் ஒரு படத்தின் முடிவைக்கூடப் பார்த்ததில்லை. படமே பார்க்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முக்கால் படமும் அரைப் படமுமாக நிறையப் பார்த்திருக்கிறேன். கதாநாயகன் சிறையில் கிடப்பான், கதாநாயகிக்கு வேறொருவனோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கும், வில்லன் மீசையைத் தடவிக்கொண்டிருப்பான். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் எழுந்துவிடுவார். ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும்.

இது தாத்தா போட்ட சட்டம். "சேந்து போனா சேந்துதான் திரும்பணும்" என்பார். செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. கடையில் கல்லாவைக்கூடத் தன் மகனிடம், எங்கள் நைனாவிடம், விட்டுக்கொடுத்துவிட்ட தாத்தா, இந்தச் சட்டத்தை மட்டும் விடவில்லை.

ஆளுக்கு ஒரு வியாதி. திரையில் ஆணும் பெண்ணும் கையைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தால் தாத்தா எழுந்துவிடுவார். தாயோ பிள்ளையோ செத்துப்போகிற கட்டம் வந்தால் அவருடைய சம்சாரம், எங்கள் ஆயா, "ஐயோ, விளக்கு வச்ச நேரத்துல இத்த வேற பாக்கணுமா" என்று முந்தானையை உதறி எழுந்துவிடுவாள். அரக்கன் வந்தால் மூன்று வயதுத் தம்பி அலறுவான், அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு எழுவாள். வெறும் பக்திப் படமாக இருந்தால் அண்ணனுக்குத் தலைவலி வந்துவிடும். அவனுக்குப் பதினேழு வயது, கத்திச்சண்டை இல்லாத படமெல்லாம் அவனைப் பொறுத்தவரை பஜனை.

மிச்சக் கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அந்தப் பிசாசுகள் உண்மையைச் சொல்லாது. ஒருத்தி கதாநாயகன் செத்துவிட்டான் என்பாள், இன்னொருத்தி அவன் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டான் என்பாள். கொட்டகையில் விற்கிற பாட்டுப் புத்தகத்தில் கதைச்சுருக்கம் இருக்கும். அதுவும் நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று சொல்லிவிடும். வெள்ளித்திரையில் காண்பதற்கு எங்கள் தாத்தா விட்டால்தானே!

கடைசியில் 'சுபம்' என்று எழுத்துப் போடுவார்களாம். அதை ஒரு தடவையாவது என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

ஊர்க்கோடியில் ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்த மாதிரி இருந்தது டென்ட் கொட்டகை. வாரத்துக்கு இரண்டு படம் மாறும். எங்கள் கடை வாசலில் கொட்டகைக்காரர்களின் விளம்பரத் தட்டி ஒன்று சாய்த்து வைத்திருக்கும். அதற்குக் கூலியாக இரண்டு பேருக்கு பாஸ் வரும். அதனால் எந்தப் படம் வருகிறது என்பது ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அந்த வருஷம் ஒரு மாயாஜாலப் படத்தின் நோட்டீஸை ஒட்டினார்கள். மேலே அம்மன், கீழே வாளோடு ராஜகுமாரன், மூலையில் அரக்கன், நகைச்சுவைக்காரர் கழுதை மேல். ஒரே தாளில் எங்கள் வீடு மொத்தத்துக்கும் ஆகாரம் இருந்தது. எல்லோரும் எழுவதற்கான காரணமும் அதே தாளில் இருந்தது.

சரி, எந்தக் கட்டம் எங்கே வருகிறது என்று தெரிந்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன் என்று தோன்றியது. அவலூர்பேட்டையிலிருந்து எங்கள் கடைக்கு வெற்றிலை போடுகிற அக்கா ஒருத்தி திருவண்ணாமலையில் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். கூடையை இறக்குவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, டூயட் இருக்குதா?"

"ஒண்ணே ஒண்ணு. குளத்துல. ரெண்டும் தொப்பலா நனைஞ்சிட்டு..."

"ஐயையோ. அது எப்ப வருது?"

"இடைவேளை வுட்டு வந்து உக்காந்தியா, மொதல்ல அரக்கன் சண்டை. அது முடிஞ்ச சூட்டோட பாட்டு."

"யாராச்சும் சாவறாங்களா?"

"ராஜாவோட அம்மாக்காரி சாவறா. கடசில அம்மன் குங்குமத்த வச்சு எளுப்பிடறாங்க. நீ இன்னாத்துக்குடி போலீஸ்காரன் மாரி கேக்குற?"

அன்று மாலையே வேலையைத் தொடங்கினேன். தாத்தாவிடம், "அம்மன் படம் தாத்தா, திருவண்ணாமலையில அம்மன் வர்றப்ப பொம்பளைங்க எல்லாம் சாமியாடிட்டாங்களாம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சம்மதம். ஆயாவிடம், "அந்தம்மா செத்தா பயந்துடாத, கடசில பொழைச்சிக்கிது, நான் காரண்டி" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். தம்பிக்குப் படத்துக்குப் போகிற அன்று சாயங்காலமே வயிறு நிறையத் தயிர்சாதம் ஊட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். இடைவேளை வரும்போது அவன் தூங்கிவிடுவான், அரக்கன் பிழைத்துப்போவான். அண்ணனுக்கு மட்டும் முழுத் திட்டத்தையும் சொன்னேன். இடைவேளை விட்டதும் தாத்தாவைப் பன்னீர் சோடா குடிக்க வெளியே அழைத்துப் போக வேண்டும், பாட்டு முடிகிறவரை திரும்ப விடக் கூடாது.

"அரக்கன் சண்டை எனக்குப் போயிடுமே" என்றான்.

"கடசில பெரிய கத்திச்சண்டை இருக்குது. தாத்தா எளுந்துட்டா அதுவும் போயிடும். எது வேணும்?"

யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டான்.

முதல் ஆட்டத்துக்குப் போனோம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்று. தாத்தாவும் நைனாவும் அண்ணனும் அந்தப் பக்கம் பெஞ்சில். நாங்கள் இந்தப் பக்கம் தரையில், மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தோம். ஆறு வயதுத் தங்கைதான் இரண்டு பக்கத்துக்கும் தபால்காரி. தாத்தா எழுந்தால் அவள்தான் சுவரேறி வந்து சொல்வாள். ஒவ்வொரு தடவையும் என் வாழ்க்கையைக் கெடுத்தது அவள் குரல்தான்.

முதல் பாகம் அருமையாகப் போனது. ராஜாவின் அம்மா செத்தபோதுகூட ஆயா என் சத்தியத்தை நம்பி உட்கார்ந்திருந்தாள். கழுதைக்காரரைப் பார்த்து ஆயா வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரித்தாள். தம்பி தூங்கிவிட்டான். விளக்கு எரிந்தது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வறுத்த வேர்க்கடலையும் முறுக்கும் விற்கிறவர்கள் உள்ளே வந்தார்கள். அந்தப் பக்கம் அண்ணன் தாத்தாவின் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போவதைப் பார்த்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

படம் மறுபடி தொடங்கியது. அரக்கனைக் காணோம். குளத்தையும் காணோம். கோயில் மணி அடித்தது, புகை கிளம்பியது, சிலை பிளந்து அம்மன் வந்து நின்றாள். முன்னால் இருந்த ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள், இன்னொருத்தி எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டாள். எதற்காகத் தாத்தா படத்துக்கு வந்தாரோ அந்தக் கட்டம் முழுவதும் ஓடி முடிந்தது. அவர் வெளியே சோடாக்காரரிடம் மல்லாட்டை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. திருவண்ணாமலைக் கொட்டகையில் மிஷின் இரண்டு. ஒன்றில் சுருள் முடிந்தால் அடுத்ததில் ஓடும். படத்துக்கு நடுவில் ஒரே இடைவேளைதான். எங்கள் டென்டில் மிஷின் ஒன்று. சுருள் மாற்ற மாற்ற விளக்குப் போடுவார்கள், மூன்று இடைவேளை. வெற்றிலைக்கார அக்கா சொன்னது எங்கள் ஊருக்கு இரண்டாவது இடைவேளை. பிறந்ததிலிருந்து அந்த டென்டில் மூன்று இடைவேளை முறுக்குத் தின்ற எனக்கு இது தோன்றவே இல்லை. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

இரண்டாவது விளக்கு எரிந்தபோது தாத்தா திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இனிமேல் எழுந்து போக அவருக்குச் சோடாவும் பாக்கி இல்லை, பேச்சும் பாக்கி இல்லை. விளக்கு அணைந்ததும் அரக்கன் கர்ஜித்தான். தம்பி விழித்துக்கொண்டான். அம்மா அவனைத் தூக்கத் தயாரானாள். அவனோ அரக்கனின் மீசையை உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா!" என்று கை தட்டினான். எங்கள் தாய்மாமனுக்கு மீசை அப்படித்தான் இருக்கும். பெண்கள் பக்கம் முழுதும் சிரித்தது. அம்மாவுக்கு மட்டும் கோபம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளம் வந்துவிட்டது. கதாநாயகி தண்ணீரில் இறங்கினாள், ராஜகுமாரன் கையை நீட்டினான். சுவருக்கு மேல் தங்கையின் தலை தெரிந்தது.

"ஆயா, தாத்தா எளுந்துட்டாரு. வரச் சொல்றாரு."

அம்மா செருப்பைத் தேடினாள். நான் மணலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், மணல் என்னைத் தடுத்து நிறுத்துமா என்ன?

ஆயா அசையவில்லை.

"அந்தப் பொம்பள இன்னும் பொழைக்கல. அத்த பாக்காம நான் எங்கயும் வர மாட்டேன்னு சொல்லு."

தங்கை போனாள், திரும்பி வந்தாள். "தாத்தா தனியா போறேன்றாரு."

"சேந்து வந்தா சேந்துதான் போவணும். யாரு வச்ச சட்டம்னு அவரையே கேளு."

தங்கை மறுபடி போனாள். பின்னாலிருந்து ஒருத்தி, "ஏ பெருசு, உக்காருய்யா, குளமே தெரியல" என்று கத்தினாள். தாத்தா சுவர் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிகிறவரை கண்ணை மூடிக்கொண்டிருந்ததாக வீட்டில் சொன்னார். ஒரு கண்ணைத்தான் மூடினார் என்பது அண்ணன் தந்த சாட்சி.

அந்தம்மா பிழைத்தாள். ஆயா என் தொடையில் பலமாகத் தட்டி, "சொன்ன மாரியே பொழைச்சிட்டா பாத்தியா" என்றாள். அண்ணனுக்குக் கத்திச்சண்டை கிடைத்தது. ராஜகுடும்பம் வரிசையாக நின்று காரணமே இல்லாமல் சிரித்தது. பிறகு அந்த எழுத்து வந்தது. நல்ல பெரிய எழுத்து. நான் அதை வாய்விட்டு, ஊருக்கே கேட்கும்படி படித்தேன். கேட்க யாரும் இல்லை. எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவுதானா என்று இருந்தது, ஆனாலும் சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் கடையில் தாத்தா முகம் கொடுத்தே பேசவில்லை. வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் அம்மன் வந்த கட்டத்தைப் பற்றியே பேசினார்கள். ஒரு விவசாயி புளி வாங்கிக்கொண்டே அதைக் கையால் நடித்தும் காட்டிவிட்டார். மத்தியானத்துக்கு மேல் தாத்தா தாங்க மாட்டாமல் நைனாவைக் கூப்பிட்டார்.

"ராத்திரி எல்லாரும் போவலாம். அம்மன் வர்ற வரைக்கும் பாத்துட்டு வந்துடலாம்."

போனோம். இந்தத் தடவை தாத்தாவை யாரும் சோடாவுக்கு அழைக்கவில்லை. அம்மன் வந்தபோது அவர் எழுந்து நின்று கும்பிட்டாராம், அண்ணன் சொன்னான். இரண்டாவது விளக்கு எரிந்ததும் தங்கை சுவர்மேல் ஏறிக் கூப்பிட்டாள். அம்மா முணுமுணுத்தாள், அந்தப் பொம்பளை பிழைப்பதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆயா அடம்பிடித்தாள், தம்பி மாமா எங்கே என்று அழுதான். சுபத்தை ஏற்கெனவே பார்த்துவிட்ட நான்தான் முதலில் எழுந்து பாவாடையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, "தாத்தா கூப்புடுறாரு இல்ல, எல்லாரும் எளுந்திருங்க" என்று அதட்டினேன்.