நீளம் ஒன்று, குட்டை இரண்டு

எக்ஸ்ரே அறையில் கம்ப்யூட்டர் கத்திக்கொண்டே கண்ணை மூடிவிட்டது என்று ஃபோன் வந்தபோது மெக்கானிக் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருடமாக மருத்துவமனைகளின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவள். "உனக்கு எங்களைவிட அதுங்களைத்தான் பிடிக்கும்" என்று அவள் புருஷன் சொல்வான்.

போய்ச் சேர்ந்தபோது வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். எக்ஸ்ரே எடுப்பவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மதர்போர்டு போச்சுன்னு மேலே சொல்லிட்டேம்மா. புதுசு வர ஒரு வாரமாம்."

"யார் சார் சொன்னா, போர்டுன்னு?"

"நானேதான். ரெண்டு தடவை சின்னதா கத்துது, அப்புறம் நீளமா ஒண்ணு. திரை இருட்டு. வேறென்ன?"

எந்தச் சத்தத்துக்கு எந்தப் பழுது என்று சொல்லும், இயந்திரத்தோடு வந்த கையேட்டை அக்கா புரட்டினாள். இரண்டு குட்டை, ஒரு நீளம் என்று எதுவுமே அதில் இல்லை. அது அவளைக் குடைந்தது. பெட்டியின் முகப்பைப் பார்த்தாள். மின்சாரம் வருவதைக் காட்டும் விளக்கு பச்சையாக நின்று எரிந்தது. அதன் கீழே ஹார்ட் டிஸ்க்கின் குட்டி விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது.

"சார், இது செத்த பெட்டி இல்ல. உள்ளே ஏதோ படிச்சுக்கிட்டு இருக்கு."

இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தி எடுத்தாள். டிஸ்க் விளக்கு சற்று நேரம் படபடத்தது. பின் தானாகவே எல்லாம் அணைந்தது. முறையாக மூடத் தெரிந்தால், மூளையும் நினைவகமும் வேலை செய்கின்றன என்றுதானே அர்த்தம்?

மறுபடி இயக்கி, சத்தத்தை ஃபோனில் பதிவு செய்தாள். மூன்று முறை கேட்டாள். எங்கே இடைவெளி அதிகமோ அங்கிருந்துதான் எண்ண வேண்டும். நீளம், குட்டை, குட்டை. பெரிய இடைவெளி. மறுபடி நீளம். எக்ஸ்ரேக்காரர் நடுவிலிருந்து எண்ணியிருந்தார். ஒரு நீளம், இரண்டு குட்டை: திரைக்குப் படம் அனுப்பும் கார்டு என்றது கையேடு.

மின்கம்பியைப் பிடுங்கி, கார்டைக் கழற்றித் துடைத்து அழுத்திப் பொருத்தினாள். மறுபடி இயக்கினால் அதே ஓலம். எக்ஸ்ரேக்காரர் முகம் தொங்கியது. "அப்போ போர்டுதானே?"

"அதையும் கேட்டுப் பார்த்துருவோம்."

அவள் பையில் பழைய கார்டு ஒன்று இருந்தது. அதே இடத்தில் அதைச் செருகி இயக்கினாள். ஒரே ஒரு குட்டைச் சத்தம். திரை விழித்தது. கார்டு செருகும் இடமும் போர்டும் நன்றாகத்தான் இருந்தன. போனது கார்டு மட்டும்.

"ஒரு வாரம்னு சொன்னேனே" என்றார் அவர், பாதி வெட்கத்தோடு.

"போர்டு வேண்டாம், கார்டு போதும்னு சொல்லிருங்க. அது வர்ற வரைக்கும் என்னோடது இருக்கட்டும்."

வரிசையில் முதலில் நின்ற பெரியவரை உள்ளே அழைத்தார்கள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. படம் திரையில் வந்ததும் அக்கா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பையோடு நின்றுவிட்டாள்.

"சார், இந்தக் கோடு என்னது? எங்கிருந்து பார்க்கணும்?"

அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.