எஸ்/ஓ-வை வெட்டிய மேக்ரோ

தாம்பரத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. போர்வெல் தண்ணீர் கொண்டுவருபவர் ஒவ்வொருவருக்கும் எக்செல்லில் ஒரு ஷீட். முதல் ஷீட்டில் எல்லோர் பெயரும் இருக்கும். எதிரே ‘ஒய்’ போட்டால் அந்த ஷீட்டுகளை மட்டும் தனித்தனி பி.டி.எஃப். ஆக்கி, வாடிக்கையாளர் பெயரையே ஃபைலுக்கு வைக்கும் மேக்ரோ என்ற குட்டி புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தேன். அதை எழுதிய தினம் என்னை நானே விஞ்ஞானி என்று அழைத்துக்கொண்டேன். வேறு யாரும் அழைக்கவில்லை.

ஒருநாள் அது பாதியில் நின்றது. ஒருவர் பெயருக்குப் பின்னால் ‘எஸ்/ஓ’ என்று போட்டு அப்பா பெயரும் இருந்தது. ஃபைல் பெயரில் சாய்கோடு ஆகாது.

“பேருக்கு அப்புறம் வர்றதை வெட்டி விடுங்க. அப்பன் பேர வச்சு இன்னா பண்ணப் போறோம்?” என்றார் முதலாளி. ஷீட்டில் கை வைக்காமல், ஃபைல் பெயரில் மட்டும் வெட்டினேன். மேக்ரோ ஜோராக ஓடியது.

இரண்டு நாள் கழித்து வண்டலூரிலிருந்து போன்.

“சார், குழந்தைக்கு வாந்தி நிக்கல, ஆஸ்பத்திரில சேத்துருக்கோம். டாக்டர் தண்ணி ரிப்போர்ட் கேக்குறாரு. தண்ணி சுத்தம்னு போட்டிருக்கீங்க. ஆனா எங்கப்பாவயே மாத்திட்டீங்களே!”

கூடுவாஞ்சேரியில் அதே பெயரில் இன்னொருவர். அப்பா வேறு, தண்ணீர் வேறு. ஒரே பெயரில் இரண்டாவது ஃபைல் வந்ததும், ஒரு வார்த்தை கேட்காமல் முதல் ஃபைலின் மேல் எழுதிவிட்டது மேக்ரோ. வரவேற்பில் இருந்த அக்கா, ஃபைல் பெயரை மட்டும் பார்த்து இருவருக்கும் அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். வண்டலூர்க்காரர் ஷீட்டைத் திறந்தேன். கிருமி இருக்கிறது, குடிக்க உகந்ததல்ல.

“அந்தத் தண்ணிய நிறுத்துங்க சார், சரியானதை இதோ அனுப்புறேன்” என்றேன். உடனே மேக்ரோவைத் தட்டி அனுப்பினேன்.

“சார், மறுபடியும் அதே அப்பா!”

பதற்றத்தில் கூடுவாஞ்சேரிக்காரரின் ‘ஒய்’யை எடுக்க மறந்திருந்தேன். விஞ்ஞானி. அதை அழித்து மூன்றாம் முறை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அன்றே ஃபைல் பெயரோடு சாம்பிள் எண்ணும் சேரும்படி மேக்ரோவைத் திருத்தினேன்.

குழந்தை தேறி வீடு திரும்பிய பிறகு அவர் நேரில் வந்தார். முதலாளி நாற்காலி இழுத்துப் போட்டு, “மேக்ரோ பண்ண தப்பு சார்” என்றார்.

“யாரு சார் அந்த மேக்ரோ? இன்னும் வேலைல வச்சிருக்கீங்களா?”

முதலாளி கண் இமைக்கவில்லை. “அன்னிக்கே அனுப்பிட்டோம் சார்.”

அவர் முகம் கொஞ்சம் தணிந்தது. பக்கத்து மேசையில் நான் தலை குனிந்து, அன்றைய ரிப்போர்ட்டுகளுக்கு ‘ஒய்’ போட்டுக்கொண்டிருந்தேன்.