பார்த்தாச்சு, அனுப்பலாம்

திண்டிவனம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுத நான் உட்கார்ந்தது 1993இல். அன்று முதல் சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பு. நிலம் வாங்க வந்தவரிடம் மூலப்பத்திரம் எங்கே என்பேன், வில்லங்கம் போட்டுப் பார்த்தீரா என்பேன், பட்டா யார் பேரில் என்பேன். “இவரு சாமியாரையே அடையாள அட்டை கேப்பாரு” என்று எங்கள் கோயில் பக்கம் ஒரு கிண்டல் உண்டு. ஒரு முறை கேட்டும் இருக்கிறேன், கையெழுத்துப் போட வந்தால் சாமியாரும் ஆள்தானே. இந்த விஷயத்தில் எனக்குத் திமிர் உண்டு. இல்லை என்றால் பொய்.

டெல்டாப் பக்கம் புயலடித்து ஊர் ஊராகத் தென்னை சாய்ந்த வாரம் அது. செல்போனில் பணம் அனுப்புவது எங்கள் தெருவுக்கு அப்போதுதான் பழகியிருந்தது. எங்கள் அன்பியத்துக்கு, அதாவது மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் இருபது குடும்பங்களுக்கு, ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. திருவிழா வாணவேடிக்கைக்கு வைத்திருந்த நாற்பதாயிரத்தைப் புயல் நிவாரணத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று அதில் முடிவாயிற்று. யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது ஒருவர் ஒரு லிங்க்கைப் போட்டார். எங்கிருந்தோ ஃபார்வேர்டு ஆகி வந்தது. கேள்விப்பட்ட ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர், கூரை பறந்த வீடுகளின் படங்கள், ‘இப்போதே உதவுங்கள்’ என்று சிவப்பில் ஒரு பொத்தான்.

“பத்திரக்காரர் பார்த்துச் சொல்லட்டும்” என்று குரூப்பில் எழுதினார்கள். சும்மா சொல்லக்கூடாது, குளிர்ந்துபோய்விட்டேன்.

பார்த்தேன். முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் இருந்தது. பக்கத்தின் அடியில் பதிவு எண் இருந்தது. தொண்டு நிறுவனங்களுக்கான அரசாங்கப் பட்டியலைத் திறந்து அந்த எண்ணைப் போட்டால், அதே பெயர், அதே ஊர், பதினைந்து வருஷத்துப் பதிவு. இதற்கு மேல் என்ன வேண்டும்? பாதி டீயில் குரூப்பில் போட்டேன்: “பார்த்தாச்சு, அனுப்பலாம்.” இருபது கும்பிடு வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அன்பியத்தின் பொருளாளர் என் பத்திரக் கடைக்கு வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நிதானமான ஆள். பணம் அவர் கணக்கில் இருந்தது. என்னை எதிரில் வைத்துக்கொண்டு அனுப்ப வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த இணையப் பக்கத்தில் பணம் அனுப்பக் கொடுத்திருந்த ஐடியைப் போனில் போட்டார். பணம் போகும் முன் யாருக்குப் போகிறது என்று போன் ஒரு பெயரைக் காட்டுமே, அது வந்தது. இனிஷியலோடு ஒரு ஆம்பளைப் பெயர்.

“யாருங்க இது?” என்றார்.

“அவங்க செகரட்டரியா இருப்பாரு. தட்டுங்க சார், கடையில ஆள் காத்துக்கினு இருக்காங்க” என்று சிடுசிடுத்தேன்.

அவர் தட்டவில்லை. “நிறுவனத்துக்குக் குடுக்கிற பணம் இவரு பேருக்கு எதுக்குப் போவுது?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருஷமாக நான் பயந்து பயந்து பார்க்கிற மோசடி ஒன்றே ஒன்றுதான், ஆள்மாறாட்டம். பத்திரம் அசல், எண் அசல், பட்டா அசல், எதிரே நிற்கிற ஆள் மட்டும் வேறு. அந்த நிறுவனம் உண்மையா என்று பார்த்தேனே ஒழிய, இந்த இணையப் பக்கம் அந்த நிறுவனத்துடையதுதானா என்று பார்க்கவே இல்லை. அசல் எண்ணை யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். பூட்டுப் படம், நாம் அனுப்புவதை வழியில் எவனும் படிக்க முடியாது என்று மட்டும்தான் சொல்கிறது. வீட்டுக்காரன் யோக்கியன் என்று சொல்லவில்லை.

அரசாங்கப் பட்டியலை மறுபடி திறந்தேன். நிறுவனத்தின் இணைய முகவரியும் தொலைபேசி எண்ணும் அதிலேயே இருந்தன, நேற்று நான்தான் அதுவரை இறங்கிப் படிக்கவில்லை. முகவரி வேறு. எங்களுக்கு வந்த முகவரி எப்போது பதிவானது என்று தேடினால், புயலுக்கு இரண்டு நாள் கழித்து. லிங்க்கில் இருந்த எண்ணை விட்டுவிட்டுப் பட்டியலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தோம். ஒரு பெண் எடுத்தார்.

“சார், பேரும் எங்களுது, பதிவு நம்பரும் எங்களுது. பக்கம் எங்களுது இல்ல. தனி ஆள் அக்கவுண்ட்ல நாங்க வாங்கறதே இல்ல. நேத்துலேர்ந்து இதே போன்தான் வந்துக்கினு இருக்குது. யாராச்சும் பணம் போட்டுட்டாங்களா?”

“இல்லம்மா, தப்பிச்சோம்” என்றேன்.

பொருளாளர் உடனே குரூப்பில் போட்டுவிட்டார்: நாற்பதாயிரம் தப்பியது, பத்திரக்காரர் கண்டுபிடித்தார். நல்ல மனிதர், தான் கேட்ட கேள்வியை என் கணக்கில் எழுதிவிட்டார். மறுபடியும் கும்பிடு. நான் மறுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு எங்கள் தெருத் தையற்கார அக்கா கடைக்கு வந்தார், அவரும் எங்கள் அன்பியம்தான். கணவர் இல்லை, ஒற்றை மிஷினில் குடும்பம். முன்பு எங்கள் பக்கம் அடித்த புயலில் அவர் வீட்டுக் கூரை போனது. எங்கிருந்தோ வந்த யாரோ கூரைக்குத் தகடு கொடுத்துவிட்டுப் போனார்கள், யார் என்றுகூடத் தெரியாது. தானும் ஒருநாள் அப்படிக் கொடுக்க வேண்டும் என்று அடிக்கடி சொல்வார்.

“தம்பி, நான் காலையிலேயே போட்டுட்டேன். என் கைக்காசு ரெண்டாயிரம்” என்றார்.

“போடறப்ப பேரு வந்துதே, பாக்கலியாக்கா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நான் எதுக்குப் பாக்கணும்? நீங்கதான் பார்த்தாச்சுன்னு போட்டீங்களே.”

வங்கிக்கு ஓடினோம். எழுதி வாங்கிக்கொண்டார்கள், பணம் அந்தக் கணக்கிலிருந்து அப்போதே வேறெங்கோ போய்விட்டது என்றார்கள். அங்கிருந்து பஸ் பிடித்து விழுப்புரம் போய், எஸ்.பி. ஆபீஸில் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம். இப்படி அன்றைக்கே நாலு பேர் வந்தார்களாம். புகாரை நான்தான் எழுதினேன், எழுத்தில் பிழையே இல்லை. திரும்பும்போது ரெண்டாயிரத்தை நீட்டினேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அந்த வெப்சைட்டு எவன் நடத்துறான்னு எனக்குத் தெரியுமா? உங்க வார்த்தைக்குத்தான் தம்பி போட்டேன். வெச்சிக்குங்க” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குரூப்பில் எழுதினேன். நான் சரியாகப் பார்க்கவில்லை, பெயரைக் கேட்டது பொருளாளர், என் பேச்சை நம்பி ஒருவர் பணம் இழந்தார் என்று மூன்று வரி. அந்த மூன்று வரிக்கு மூன்று மணி நேரம் ஆனது. ஒருவர்கூடப் பதில் போடவில்லை. மானம் போனது போனதுதான்.

பதினைந்து நாள் கழித்து அக்கா மறுபடி கடைக்கு வந்தார். ஐந்நூறு ரூபாய் அனுப்ப வேண்டும் என்றார். புகாரில் எழுதியிருந்த அசல் நிறுவனத்தின் எண்ணுக்குத் தானே போன் செய்து, கணக்கு விவரம் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார். நான் உதவியாகக் கையை நீட்டினேன்.

“நீங்க சும்மா இருங்க தம்பி.”

சீட்டில் இருந்ததைப் போனில் ஏற்றினார். பெயர் வந்தது. இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எட்டாவது வரை படித்தவர். என்னை ஒரு முறை கேட்டிருந்தால் ஒரு நொடியில் படித்துச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆனது. பிறகுதான் ரகசிய எண்ணைப் போட்டார்.

“அக்கா, இப்பவும் என் கடைக்கே வந்தீங்களே” என்றேன், நப்பாசையில்.

“இன்னிக்கு எங்க வூட்டுல டவர் கிடைக்கல தம்பி” என்று சொல்லிவிட்டுச் சீட்டை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.