ஆடு மட்டும் சரியாகக் கத்திய கதை

வாசிப்பு மாதத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையில் ஏறி ஒரு கதை வாசிக்க வேண்டும் என்றார்கள். என் மகள் வகுப்பு முழுக்க, "எனக்குப் புத்தகம் தேவையில்லை, என்ரை அப்பா எழுத்தாளர், அவரே எழுதித் தருவார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். நான் எழுத்தாளர்தான். சங்கக்கடைத் திறப்புவிழா மலருக்கு வாழ்த்துரை எழுதியிருக்கிறேன்.

ஆனாலும் பிள்ளையின் மானம் என் கையில் இருந்தது. ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். கதை இதுதான்: பள்ளிக்கூட இடைவேளை. பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். ஒரு சின்னப் பிள்ளை ஊஞ்சல் ஆடுகிறாள். அந்த நேரம் வேலிக்குள்ளால் ஒரு ஆடு புகுந்து இடியப்பம் வைத்த அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. உலகத்தரம் என்று நினைத்தேன்.

மகள் கட்டிலில் குப்புறக் கிடந்து வாசித்தாள். பாதியில் நிமிர்ந்தாள்.

"அப்பா, ஏன் எல்லாரும் கத்திக்கொண்டே இருக்கினம்?"

"மைதானம் எண்டால் கத்தத்தானே செய்வினம்."

"பந்து போடுறவன் கத்தினான். பிடிக்கிறவன் கத்தினான். ஊஞ்சல் பிள்ளை கத்தினாள். ரீச்சர் கத்தினா. ஆடும் கத்திச்சுது. இதிலை ஆடு மட்டும்தான் சரியாய்க் கத்துது."

அடுக்களையில் இருந்து மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. சரியான விமர்சனத்துக்கு எழுத்தாளன் பணிய வேண்டும். அன்றைக்கே அகராதியை இறக்கினேன். எங்கள் மொழியில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. புதையல் கிடைத்தவன் மாதிரி அள்ளிப் போட்டேன். அடுத்த நாள் காலை மகள் மேசையில் இருந்து உரத்து வாசித்தாள்.

"'பந்தைப் போடடா!' என்று அவன் கர்ஜித்தான். 'ஆடு வருது!' என்று இவன் முழங்கினான். 'என்ரை சாப்பாடு!' என்று அவள் ஓலமிட்டாள். 'எல்லாரும் வகுப்புக்குப் போங்கோ!' என்று ரீச்சர் பிளிறினா."

மனைவி அகப்பையோடு வந்து நின்றாள்.

"என்னப்பா, ரீச்சருக்குத் தும்பிக்கை இருக்கோ?"

"அது ஒரு உவமை மாதிரி..."

"ஓலமிட்டாள் எண்டால் ஆர் செத்தது? இடியப்பம்தானே போனது. கர்ஜிக்கிறதுக்கு அந்தப் பொடியன் சிங்கமோ, தேர்தலிலை நிக்கிறானோ?"

மகள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அப்பா, நான் இதை வாசிச்சா எல்லாரும் என்னைத்தான் 'பிளிறு' எண்டு கூப்பிடுவினம். நான் புத்தகத்திலை இருக்கிற கதையையே வாசிக்கிறன்."

வெள்ளிக்கிழமை மேடை. அன்றைக்குப் புதன்கிழமை. நான் கெஞ்சினேன். ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். எந்தச் சொல்லை எழுதினாலும் நான் அதைச் செய்து காட்ட வேண்டும். செய்து காட்ட முடியாத சொல்லுக்குக் கதையில் இடமில்லை.

பின்னேரம் கிணற்றடியில் ஒத்திகை. மகள் கிணற்றுக்கட்டில் காகிதத்தோடு இருந்தாள், நான் வாழைக்கடியில் நின்றேன்.

"கூப்பிடுங்கோ."

"டேஏஏய்!" என்றேன். கடைசியை இழுத்தால்தான் தூரத்துக்குப் போகும், யாரைக் கூப்பிடுகிறோமோ அவனுக்கு மட்டும் உறைக்கும். சரி என்று தலையாட்டினாள்.

"உறுக்குங்கோ."

"இறங்கடி கீழை!" உறுக்குவது என்றால் அதட்டல், இழுவை கூடாது, வெட்டி நிறுத்த வேண்டும். பெரியவர் சின்னவரைத்தான் உறுக்கலாம். நான் மனைவியை உறுக்கினால் அது வேறு கதை, சோகக்கதை. மகள் கிணற்றுக்கட்டால் இறங்கிவிட்டாள். சொல் வேலை செய்கிறது.

"உறுமுங்கோ."

உறுமினேன். வீட்டு நாய் படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. உறுமல் தொண்டைக்குள்ளே நிற்கிற சத்தம், பல் காட்டுவதற்குச் சரி. மைதானத்தின் மறுகரைக்குப் போகாது. வெட்டினாள். கர்ஜித்தும் பார்த்தேன். இருமல் வந்தது. அதையும் வெட்டினாள்.

"இப்ப அலறுங்கோ. ஆடு பெட்டியைத் தூக்கினபடியாலை."

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. கண்ணை மூடி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்து, வயிற்றின் அடியில் இருந்து எடுத்து விட்டேன்.

"ஐயோ! ஐயோ! கடவுளே! ஆஆஆ!"

முதலில் பக்கத்து வீட்டு மாமி முற்றம் கூட்டிய தும்புத்தடியோடு வந்தா. அவவுக்குப் பின்னால் முன்வீட்டு அண்ணை மண்வெட்டியோடு ஓடி வந்து, என்னைப் பார்க்காமலே கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். எங்கள் ஒழுங்கையில் அலறல் கேட்டால் ஒன்றில் பாம்பு, இல்லாவிட்டால் கிணறு. ரோட்டில் போன ஆட்டோவும் நின்றுவிட்டது.

"எங்கை பாம்பு?" என்றா மாமி.

"பாம்பு இல்லை மாமி. வினைச்சொல்."

"எந்தப் பக்கம் போயிட்டுது?" என்று அண்ணை மண்வெட்டியை ஓங்கினார்.

மகள்தான் விளங்கப்படுத்தினாள். கதையில் ஒரு பிள்ளையின் இடியப்பப் பெட்டியை ஆடு தூக்கியதற்காகத்தான் அப்பா அலறினார் என்றாள். மாமி தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தா.

"பெட்டி போனதுக்கு உப்பிடியே? தம்பி, உந்தச் சத்தத்துக்கு ஆரெண்டாலும் வேலையை விட்டிட்டு ஓடி வருவினம். வந்து பார்த்தால் இடியப்பமெண்டால் பிறகு பாம்புக்கும் வரமாட்டினம். சின்னப் பிள்ளை சாப்பாடு போனால் அலறாதப்பா. வாய்விட்டு அழுது குளறும்."

"எப்பிடி மாமி?" என்றாள் மகள்.

மாமி கூச்சப்படாமல் வாயைச் சதுரமாகத் திறந்தா. "ம்ம்ஆஆஆ! என்ரை இடியப்பம்!" மூச்சு எடுத்து எடுத்து, நடுவில் விக்கல் வைத்து, ஒரு கண்ணால் யார் பார்க்கிறார்கள் என்றும் பார்த்தா. மூன்று வயதில் என் மகள் அழுதது அப்படியே கண்முன் வந்தது. உள்ளே இருந்த மனைவி, "ஆர் பிள்ளை குளறுது?" என்று கேட்டபடி வந்தாள். பயந்து இல்லை, பிஸ்கற்றோடு.

அந்த வித்தியாசத்தில் எனக்கு முழுக் கணக்கும் விளங்கியது. சத்தம் எவ்வளவு பெரிது என்பது பிறகு. கேட்கிற ஆள் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார் என்பதுதான் சொல். அலறினால் மண்வெட்டி. குளறினால் பிஸ்கற்.

அன்று இரவு கதையைத் திருத்தினோம். பந்து போடுகிறவன் தூரத்தில் நின்ற கூட்டாளியைக் கூப்பிட்டான். ஆட்டைக் கண்ட பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கூச்சல் போட்டார்கள். அது ஒருவரால் தனியாகப் போட முடியாத சத்தம், ஆகவே கூட்டத்துக்கே கொடுத்தோம். ரீச்சர் உறுக்கினா. ஊஞ்சல் பிள்ளை குளறினாள். மிச்சப்பேர் எல்லாம் சும்மா சொன்னார்கள், கேட்டார்கள். "எல்லாரும் சத்தம் போட்டால் குளறுறது கேக்காதெல்லோ" என்றாள் மகள். நான் அதை என் கருத்துப்போலத் தலையாட்டினேன்.

ஒரு இடத்தில் மட்டும் சண்டை. குளறினாள் என்பது ஊர்ப்பேச்சு, மேடைக்கு 'வீரிட்டாள்' நல்லாயிருக்கும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

"வீரிடுங்கோ பாப்பம்."

மனைவி எழும்பி யன்னலைச் சாத்தினாள். குளறினாள் என்றே விட்டுவிட்டோம்.

வெள்ளிக்கிழமை மேடையில் மகள் என் பக்கமே பார்க்காமல் வாசித்தாள். ஊஞ்சல் பிள்ளையிடம் வந்தபோது குரலை உயர்த்துவாள் என்று நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். அவள் உயர்த்தவில்லை. மெதுவாக, "அவள் குளறினாள்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். முன்வரிசையில் தாயின் மடியில் இருந்த ஒரு குழந்தை வாயைச் சதுரமாகத் திறந்து, சொன்ன வேலையை உடனே செய்தது. மண்டபம் வெடித்துச் சிரித்தது. மகள் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, அந்தக் குழந்தையைப் பார்த்து, "அழாதை, ஆடு பெட்டியைத் திருப்பித் தரும்" என்று கதையில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தாள்.

கதையில் ஆடு பெட்டியைத் தரவேயில்லை. மகள் அந்த இடத்திலேயே, மேடையில் நின்றபடி, முடிவை மாற்றி வாசித்து முடித்தாள். என்னுடையதைவிட நல்ல முடிவு. கைதட்டலுக்குப் பிறகு கீழே வந்தவளிடம் ஒரு கூட்டாளி, "உன்ரை அப்பாவே எழுதினவர்?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றாள் மகள். "நான் கொஞ்சம் உதவி செய்தனான்."